குரல் எங்கே தடுக்குகிறது? ஸரளி வரிசை சொல்லிவிடும்!

பரணில் எதையோ தேடும்போது பழைய பாட்டு நோட்டு ஒன்று கையில் அகப்படுகிறது. அட்டை கிழிந்திருக்கிறது. முதல் பக்கத்தில் குண்டு குண்டான கையெழுத்தில் 'ஸ ரி க ம ப த நி ஸ'. வீட்டில் யாரும் இல்லை. ஆசை யாரை விட்டது? அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை பாடிப் பார்க்கிறீர்கள். 'ப' வரைக்கும் சரியாகத்தான் போகிறது. 'நி'யில் தொண்டை இறுகுகிறது. மேல் 'ஸ' வரும்போது குரல் பிளந்து, உங்களுக்கே காது கூசுகிறது. "ம்ஹும்... நம்ம குரல் எப்பவோ போயிடுச்சு" என்று நோட்டை மூடி வைத்துவிடுகிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். குரல் எங்கேயும் போகவில்லை. அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் தடுக்குகிறது, அவ்வளவுதான். எந்த இடம் என்று காட்டிக் கொடுப்பதும் அந்த நோட்டுதான், அதைச் சரி செய்யும் மருந்தும் அதே நோட்டில்தான் இருக்கிறது.

பாட்டு சொல்லிக் கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஸரளி வரிசையைக் குழந்தைகளுக்கான 'அ, ஆ' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். "ஆறு மாசமா இன்னும் ஸரிகமதானா? எப்ப மிஸ் பாட்டு சொல்லித் தருவீங்க?" என்று கேட்காத அம்மாவே கிடையாது. ஆனால் ஒவ்வொரு வரிசையும் குரலில் ஒரு தனி வேலையைச் செய்கிறது. என் சிநேகிதி ஒருத்தியின் கதையோடு சொன்னால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பத்து வயதில் வர்ணம் வரைக்கும் பாடியவள். படிப்பு, கல்யாணம், குழந்தைகள் என்று இருபத்தைந்து வருஷம் விட்டுப்போச்சு. மறுபடி ஆரம்பித்த பத்தாம் நாள் போன் செய்தாள். குரல் கரகரத்துக் கிடந்தது. "தொண்டை கட்டிக்கிச்சுடி. எனக்கு இது சரிப்படாதுன்னு நினைக்கிறேன்" என்றாள். "வீட்டுக்கு வா. நோட்டையும் எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

முதலில் கட்டையைப் பாருங்கள்

வந்தவள் செல்போனில் தம்பூரா ஆப்பைப் போட்டாள். ஆறு கட்டை! "சின்ன வயசிலேருந்து எனக்கு ஆறு கட்டைதானே?" என்றாள். பிரச்னையில் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

பையன்களுக்குக் குரல் உடைவது எல்லோருக்கும் தெரியும். பெண் குழந்தைகளுக்கும் பருவ வயதில் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வெளியில் தெரியாத அளவு மெதுவாக இறங்குவதால் யாரும் கவனிப்பதில்லை. பத்து வயதில் பொருந்திய கட்டை முப்பத்தெட்டில் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. அன்று தைத்த பாவாடை இன்று பொருந்துமா?

ஆறு கட்டையில் கீழ் 'ஸ' பாடும்போது நம் குரல் நாண்கள் விநாடிக்கு ஏறக்குறைய 220 தடவை அதிர்கின்றன. மேல் 'ஸ'வுக்கு அது சரியாக இரண்டு மடங்கு, அதாவது 440. இந்த வேகத்துக்கு நாண்கள் இழுபட்டு, நீண்டு, மெலிய வேண்டும். பேச்சுக் குரலின் கனத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனால் நாண்கள் மெலிய முடியாது. அப்போது நாம் மூச்சைப் போட்டு முட்டுகிறோம். அதற்குப் பெயர் பாட்டு இல்லை, கத்தல். பத்து நாள் அப்படிக் கத்தினால் தொண்டை கரகரக்காமல் என்ன செய்யும்?

உங்கள் கட்டையை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு கட்டையை வைத்துக்கொண்டு 'ஸ'விலிருந்து கீழே 'நி த ப' என்று இறங்குங்கள். கீழ் 'ப' உறுமலாக இல்லாமல் காதில் விழ வேண்டும். பிறகு மேலே ஏறி மேல் 'ஸ'வைத் தாண்டி 'ரி க' வரை போங்கள். தாடை முன்னால் நீட்டிக்கொள்ளாமல், புருவம் ஏறாமல் மேல் 'க' வர வேண்டும். இரண்டும் சேர்ந்து வரும் கட்டைதான் உங்கள் கட்டை. பெரும்பாலான பெண்களுக்கு அது நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று வரும். என் சிநேகிதிக்கு ஐந்து கட்டை நன்றாகப் பொருந்தியது. மேல் 'ஸ' இப்போது 392 அதிர்வுதான். ஒரு கட்டை இறக்கியதுமே குரல் பிளப்பது நின்றுவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இது செருப்பு அளவு பார்த்த மாதிரி. இனிமேல்தான் நடக்கணும்" என்றேன்.

முதல் வரிசை: பக்கமும் தூரமும்

ஸரளி வரிசைகளையும் அலங்காரங்களையும் ஒழுங்குபடுத்தித் தந்தவர் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கர்நாடக தேசத்தில் வாழ்ந்த புரந்தரதாசர் என்பது மரபு. ஆரம்பப் பாடத்துக்கு மாயாமாளவகௌளை ராகத்தை வைத்தவரும் அவரே என்பார்கள். ஏன் அந்த ராகம்? பாடிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

அதில் 'ஸ'வும் 'ரி'யும் ஒட்டினாற்போலப் பக்கத்து வீடுகள். 'ரி'யிலிருந்து 'க'வுக்கு ஒரு பெரிய தாண்டல். மறுபடி 'க'வும் 'ம'வும் பக்கத்து வீடுகள். பிறகு 'ப'விலிருந்து மேல் 'ஸ' வரை அதே அமைப்பு: 'ப த' பக்கம், 'த நி' தூரம், 'நி ஸ' பக்கம். கீழ்ப் பாதியில் கற்றதை மேல் பாதியில் அப்படியே திருப்பிச் செய்யலாம். ஒட்டி நிற்கும் ஸ்வரத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டவும், தூரத்து ஸ்வரத்தைச் சரியாகத் தாண்டிப் பிடிக்கவும் ஒரே வரியில் பயிற்சி கிடைத்துவிடுகிறது.

இங்கே வரும் தவறும் எல்லோருக்கும் ஒன்றுதான். 'ரி' கொஞ்சம் உயர்ந்துவிடும். 'த'வும் அப்படியே. குரலுக்கு அந்தச் சின்ன இடைவெளி பழக்கமில்லாததால் அதை அகலமாக்கிக்கொள்ளும். கண்டுபிடிப்பது எப்படி? இறங்கி வரும்போது 'ரி'யில் ஒரு விநாடி நின்று, பிறகு 'ஸ'வைத் தொடுங்கள். குரல் நழுவி மடியில் விழுகிற மாதிரி இருந்தால் 'ரி' சரி. படியிறங்குகிற மாதிரி இருந்தால் 'ரி' ஏறிவிட்டது என்று அர்த்தம்.

என் சிநேகிதிக்கு வேறொரு தடுக்கல். ஏறுவது அழகாக ஏறினாள். இறங்கி வந்து சேரும்போது 'ஸ' தம்பூராவுக்குக் கொஞ்சம் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. ஏறும்போது மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு, இறங்கும்போது காலியாக வருகிறாள். மாடிப்படி இறங்கும்போதும் காலுக்குப் பிடிமானம் வேண்டும் அல்லவா? மேல் 'ஸ' முடிந்ததும் வாயை மூடி, மூக்கால் நிதானமாக மூச்செடுத்து, பிறகு இறங்கச் சொன்னேன். வயிறு விரிய வேண்டும், தோள் ஏறக் கூடாது. நாலே நாளில் கீழ் 'ஸ' தம்பூராவோடு கலந்துவிட்டது.

வேகத்தில் மறையும் தவறுகள்

ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலத்தில் பாட வேண்டும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. தாளம் போடும் கையின் வேகம் மட்டும் மாறவே கூடாது.

முதல் காலம் மூச்சையும் ஸ்வர சுத்தத்தையும் வளர்க்கிறது. விநாடிக்கு ஓர் எண்ணிக்கை என்று வைத்தால் ஏறுவதற்கு எட்டு விநாடி. அவ்வளவு நேரமும் ஒவ்வொரு ஸ்வரமும் ஆடாமல் நிற்க வேண்டும். மூன்றாம் காலம் நாண்கள் சட்டென்று நிலை மாறும் சுறுசுறுப்பைத் தருகிறது. வேகத்தில் தவறு காதுக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. 'ரி'யும் 'க'வும் குழைந்து ஒரே வழுக்கலாகிவிடும். பாடுகிறவருக்கு "ஆஹா, வந்துடுச்சு" என்று தோன்றும். சந்தேகமாக இருந்தால் மூன்றாம் காலத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு ஸ்வரத்தில் டக்கென்று நில்லுங்கள். நின்ற ஸ்வரம் சுருதியில் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டாம் காலத்துக்குத் திரும்பிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரும்பி வரும் வரிசைகளும், நிற்கும் வரிசைகளும்

பொதுவாகப் பாடத்தில் பதினாலு ஸரளி வரிசைகள் உண்டு. பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் வரிசை எண் சற்று மாறலாம். எல்லாவற்றையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம். குணத்தை மட்டும் பார்ப்போம்.

இரண்டாவது வரிசை 'ஸ ரி ஸ ரி ஸ ரி க ம' என்று போகும். மூன்றாவது 'ஸ ரி க ஸ ரி க ஸ ரி'. இரண்டிலும் குரல் மறுபடி மறுபடி வீட்டுக்கு, அதாவது 'ஸ'வுக்குத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதே 'ஸ'வாக வந்து நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. மூன்றாவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஸ்வரம் மூன்று மூன்றாகப் போகிறது, கை நாலு நாலாகத் தாளம் போடுகிறது. குழந்தைகள் இங்கே தாளத்தைக் கோட்டைவிட்டு, ஸ்வரத்தோடு கையையும் மூன்றாகப் போட ஆரம்பித்துவிடும். குரல் ஒரு வழி, கை ஒரு வழி என்று இரண்டையும் தனித்தனியே நடத்தும் பழக்கம் இங்கே பிறக்கிறது.

ஐந்தாவதிலும் ஏழாவதிலும் வேறு வேலை. 'ஸ ரி க ம ப , ஸ ரி' என்பது ஐந்தாவது. நடுவில் இருக்கும் அந்தக் காற்புள்ளிக்கு 'ப'வை இன்னோர் எண்ணிக்கை நீட்ட வேண்டும் என்று பொருள். இதைக் கார்வை என்போம். 'ப' தம்பூராவிலேயே ஒலிப்பதால் அதில் நிற்பது சுலபம். ஏழாவது 'ஸ ரி க ம ப த நி ,' என்று 'நி'யில் போய் நிற்கிறது. இது சுலபமில்லை! பக்கத்து வீடு மேல் 'ஸ'. அது காந்தம் மாதிரி 'நி'யை இழுக்கும். இழுபடாமல் 'நி'யை 'நி'யாகவே பிடித்து நிறுத்தி, அடுத்த நொடி அங்கிருந்து கீழ் 'ஸ'வுக்கு ஒரே குதியாகக் குதிக்க வேண்டும். இறங்கும் பாதியில் இது தலைகீழாக வரும். 'ரி'யில் நின்று, அங்கிருந்து மேல் 'ஸ'வுக்குத் தாவ வேண்டும்.

இந்தத் தாவலில்தான் தொண்டையின் குணம் வெளிப்படும். கீழே கனமாக நின்ற குரல் ஒரே நொடியில் மெலிந்து மேலே போக வேண்டும். மெலியத் தெரியாத குரல் மேல் 'ஸ'வைக் கல்லெறிவது போல எறியும். என் சிநேகிதி எறிந்தாள். "எட்டுகிற மாதிரி நினைக்காதே. மேல் 'ஸ' ஏற்கெனவே அங்கே இருக்கு, நீ போய் மெதுவா உட்காரு" என்றேன். இன்னொரு உபாயமும் சொன்னேன். தாவுவதற்கு முன்னால் மேல் 'ஸ'வை வாய் மூடி 'ம்ம்' என்று மெல்ல முனகிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய் மூடினால் கத்த முடியாது. குரல் தானாக மெலியும். அந்த மெலிவை நினைவில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும். இந்த ஒரு வரிசைக்கே இரண்டு வாரம் ஆயிற்று. ஆனால் அவள் தொண்டைக் கரகரப்பு அதோடு போயிற்று.

பத்தாவது வரிசையில் 'ப'வில் நாலு எண்ணிக்கை, மறுபடி 'ப'வில் நாலு எண்ணிக்கை நிற்கும் இடம் வரும். இது மூச்சுக்கான இடம். நாலு எண்ணிக்கையும் ஒலி ஒரே பருமனாக இருக்க வேண்டும். கடைசியில் தேய்ந்து போனால் மூச்சை முதலிலேயே கொட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். நடுங்கினால் வயிறு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பதினோராவது 'ஸ , நி த நி , த ப' என்று மேல் 'ஸ'விலேயே ஆரம்பிக்கிறது. இதுவரை படி ஏறி மேலே போனோம். இப்போது எடுத்த எடுப்பிலேயே மாடியில் நிற்க வேண்டும். சிலர் இந்த 'ஸ'வை எடுக்கும்போது தொண்டையில் 'டக்' என்று ஒரு தட்டு கேட்கும். மூடிய நாண்களை மூச்சு முட்டித் திறப்பதால் வரும் சத்தம் அது. தினமும் தட்டினால் நாண்கள் வீங்கும். மூச்சும் ஒலியும் சேர்ந்தே கிளம்ப வேண்டும். 'ஸ' என்ற எழுத்தே இதற்குக் கை கொடுக்கிறது. 'ஸ்ஸ்' என்று காற்று முதலில் வருவதால் தட்டு வராது. அதே வரிசையை 'ஆ' என்று அகாரத்தில் பாடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அதனால்தான் ஒவ்வொரு வரிசையும் ஸ்வரமாக வந்த பிறகு அகாரத்தில் பாட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது. 'ரி', 'நி' என்னும்போது வாய் குறுகி குரல் கூர்மையாகும், 'க', 'ம' என்னும்போது அகலும். இந்த எழுத்துகள் பல குறைகளைப் போர்வை போட்டு மறைத்துவிடும். அகாரத்தில் போர்வை கிடையாது. நாக்கு கீழே படுத்து, தாடை தளர்ந்து, ஸ்வரத்துக்கு ஸ்வரம் 'ஹ' சேர்க்காமல் பாட வேண்டும். 'ஆஹாஹா' என்று கேட்டால் மூச்சு கசிகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அலங்காரம்: ஒரே கோலம், வேறு வேறு தரை

ஸரளிக்குப் பிறகு 'ஸஸ ரிரி கக மம' என்று இரட்டித்து வரும் ஜண்டை வரிசைகள். இரண்டாவது ஸ்வரத்துக்கு ஒரு சின்ன அழுத்தம், அது வயிற்றிலிருந்து வர வேண்டும். அதெல்லாம் தாண்டி வருவது அலங்காரம். ஏழு தாளங்களில் ஏழு அலங்காரங்கள். இங்கே என்ன புதிது?

இருப்பதிலேயே சின்னதான ஏக தாள அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ ரி க ம, ரி க ம ப, க ம ப த, ம ப த நி, ப த நி ஸ'. நாலு நாலு ஸ்வரமாக ஒவ்வொரு படி ஏறுகிறது. கோலத்தில் ஒரே புள்ளி வரிசையை நகர்த்தி நகர்த்திப் போடுவது போல. ஆனால் தரை சமமில்லை! 'ஸ ரி க ம'வில் பக்கம், தூரம், பக்கம். 'ரி க ம ப'வில் எடுத்ததுமே தூரம். 'க ம ப த'வில் பெரிய தாண்டலே கிடையாது. 'ம ப த நி'யில் பெரிய தாண்டல் கடைசியில் வருகிறது. ஆக, காதுக்கு ஒரே மாதிரி தோன்றும் ஐந்து வரிகளில் தொண்டைக்கு நாலு வித வேலை. ஸரளியில் எல்லா வரிகளும் 'ஸ' என்ற வீட்டிலிருந்து கிளம்பின. இங்கே ஒவ்வொரு வரியும் வெவ்வேறு வீட்டிலிருந்து கிளம்புகிறது. 'ஸ'வைப் பிடித்துக்கொண்டே பாடியவர்கள் 'க ம ப த'வில் கட்டாயம் தடுமாறுவார்கள். அந்த வரி சுத்தமாக வந்தால் ஸ்வரங்கள் மனப்பாடமாக வரவில்லை, காதில் நிற்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

மற்ற தாளங்கள் மூச்சுக்கு வகை வகையாக வேலை கொடுக்கின்றன. திருபுட தாள அலங்காரம் 'ஸ ரி க, ஸ ரி, க ம' என்று ஏழு எண்ணிக்கையில் முடிகிறது. எட்டு எட்டாகவே மூச்செடுத்துப் பழகிய உடம்புக்கு இது ஒரு எண்ணிக்கை முன்னாலேயே வந்து நிற்கும். துருவ தாளத்தில் 'ஸ ரி க ம, க ரி, ஸ ரி க ரி, ஸ ரி க ம' என்று ஒரு வரிக்குப் பதினாலு எண்ணிக்கை. எட்டு விநாடியில் முடிந்த மூச்சு இப்போது பதினாலு விநாடி நிற்க வேண்டும். முதலில் ஆறாவது எண்ணிக்கைக்குப் பின் மூச்செடுக்கலாம். பிறகு பத்தாவதுக்குப் பின். ஒரு மாதம் கழித்து முழு வரியும் ஒரே மூச்சில் வரும். வரியின் நடுவில் எங்கெங்கோ பறித்துப் பறித்து மூச்செடுக்கும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. நாளைக்குக் கீர்த்தனையில் சாகித்தியத்தை வெட்டுவது இந்தப் பழக்கம்தான்.

அட தாள அலங்காரத்தில் 'ஸ ரி , க ,' என்று ஒரு பாகம், அடுத்த பாகம் 'ஸ , ரி க ,'. முதலில் 'ரி' நீளம், 'ஸ' குட்டை. அடுத்ததில் 'ஸ' நீளம், 'ரி' குட்டை. நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். குறுகிய ஸ்வரத்தை விழுங்காமல், நீண்ட ஸ்வரத்தைத் தொங்க விடாமல் பாட இது பழக்குகிறது. பாதி ஸ்வரம் கேட்காமல் போகிறதா? உங்கள் பாட்டை செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். பாடும்போது ஏமாற்றும் காது, கேட்கும்போது ஏமாற்றாது.

எத்தனை நேரம்? எப்போது நிறுத்துவது?

என் சிநேகிதிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். காலையில் இருபது நிமிஷம், மாலையில் முடிந்தால் பதினைந்து நிமிஷம். முதல் ஐந்து நிமிஷம் கீழ் 'ஸ'வும் 'ப'வும் மட்டும் நீளமாக. பிறகு முதல் வரிசை, இரண்டு காலம். அதற்குப் பிறகு அன்றைக்கு எது தடுக்குகிறதோ அந்த ஒரு வரிசை மட்டும், ஸ்வரமாகவும் அகாரமாகவும். பதினாலையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பது வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மூன்று மாதத்தில் ஸரளி இரண்டு காலம் சுத்தமாக வந்தது. ஏக தாள அலங்காரமும் வந்துவிட்டது. மூன்றாம் காலம் இன்னும் வரவில்லை. வரும்.

பாடி முடித்த பிறகு பேசும் குரல் முன்னைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். கரகரவென்று இருந்தால் அன்றைக்குத் தப்பாகப் பாடியிருக்கிறீர்கள். வலி வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். "பழகினா சரியாயிடும்" என்பது தொண்டை விஷயத்தில் எடுபடாது. சளி பிடித்துத் தொண்டை புண்ணாக இருக்கும் நாட்களில் பாட வேண்டாம், காதால் கேட்டுக் கையால் தாளம் மட்டும் போடுங்கள். அடிக்கடி 'க்ஹும்' என்று கனைத்தால் நாண்கள் உரசும். அதற்குப் பதில் ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். பாடாமல் இருந்தும் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயம், பனங்கற்கண்டு என்று நாளைக் கடத்தாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். நாண்களில் முடிச்சு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று அவர் குழாய் விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆரம்பத்திலேயே தெரிந்தால் பெரும்பாலும் குரலுக்கு ஓய்வும் சரியான பயிற்சியுமே போதும்.

வீட்டில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன் பாடுகிறானா? குரல் உடையும் சமயத்தில் பழைய கட்டையில் இழுத்துப் பாடச் சொல்லாதீர்கள். கட்டையை இறக்கி, முதல் வரிசையை முதல் காலத்தில் மட்டும் மெல்லப் பாடினால் போதும். குரல் ஓர் இடத்தில் நிலைத்த பிறகு கட்டையை மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் என் சிநேகிதி மறுபடி போன் செய்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. நேத்து ராத்திரி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே ஏழாவது வரிசையைப் பாடினேன். 'ரி'யிலேருந்து மேல் 'ஸ'வுக்குப் போனதே தெரியலை. உள்ளே படிச்சுக்கிட்டு இருந்த என் பொண்ணு எழுந்து வந்து, 'யாரும்மா பாடினது?'ன்னு கேட்டா" என்றாள்.

பரணில் இருக்கும் அந்த நோட்டை இறக்குங்கள். ஏழாவது வரிசை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.